பத்தாம் வகுப்பு ஐந்தாண்டுப் பாடவாரித் தேர்ச்சி அறிக்கை: விழுக்காட்டுக்குள் மாணவர்களைத் தேடுதல்

கேள்வி: பாலக்கோடு பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் பொறுப்புத் தலைமை ஆசிரியராக இருக்கிறேன். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் 2021 முதல் 2025 வரை பாடவாரித் தேர்ச்சி விழுக்காடு, குறைவுக்கான காரணம், அடுத்த ஆண்டுத் திட்டம் மூன்றையும் அறிக்கையாகக் கேட்டிருக்கிறார்கள். எங்களுக்குக் கணிதத்தில்தான் குறைவு என்பது எல்லாருக்கும் தெரியும். அதை எழுதிச் சிறப்பு வகுப்பு நடத்தப்படும் என்று முடித்துவிடலாமா?

பதில்:

முடிக்க வேண்டாம். கணிதத்தில்தான் குறைவு என்பது பல பள்ளிகளில் பழைய ஆண்டுகளின் நினைவாகவே நிற்கிறது. கையிலுள்ள மதிப்பெண் பட்டியலைப் பெயர் பெயராகப் பிரித்துப் பார்த்தால் வேறொரு பாடம் முன்னால் வந்து நிற்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அறிக்கை எழுதத் தொடங்கும் முன் எண்களை ஒப்பிடத்தக்கவையாக மாற்றிக்கொள்ள வேண்டும். வேலையில் பாதி அதுதான்.

ஐந்தாண்டு என்று கேட்டிருப்பதால் முதலில் ஆண்டுகளைப் பார்ப்போம். 2021-இல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நடைபெறவில்லை; கொரோனா காரணமாக அனைவரும் தேர்ச்சி என அறிவிக்கப்பட்டது. அந்த ஆண்டுக்கு 100 என்று நிரப்பி வரைபடம் போட்டால், 2022-இல் பள்ளி பெரும் சரிவைச் சந்தித்தது போலத் தோன்றும். ஐந்தாண்டுச் சராசரியில் அந்த 100-ஐச் சேர்ப்பதும் பொய்க் கணக்கு. அந்த வரிசையில் "தேர்வு நடைபெறவில்லை" என்று எழுதி எண்ணின்றி விட்டுவிடுங்கள். ஐந்து புள்ளிகள் இருந்தே ஆக வேண்டும் என்று மேலிடத்தில் வற்புறுத்தினால் 2019-ஐ எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அதற்கும் 2022-க்கும் நடுவே கோட்டைத் தொடர்ந்து இழுக்கக் கூடாது. 2019-இல் மாணவர்கள் எழுதியது பழைய பாடத்திட்டம். தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் அப்போது இரண்டிரண்டு தாள்கள் இருந்தன. புதிய பாடநூலும் மொழிப்பாடத்துக்கு ஒரே தாளும் 2019-20 கல்வியாண்டில் வந்தன. அதன்படி நடக்கவேண்டிய 2020, 2021 தேர்வுகள் நடக்காததால், புதிய முறையின் முதல் பொதுத்தேர்வு 2022 மே மாதம்தான் நடந்தது. அதுவும் குறைக்கப்பட்ட பாடத்திட்டத்தில் நடந்த தேர்வு. ஆகவே 2022-க்கும் ஓர் அடிக்குறிப்பு வேண்டும்.

ஒப்பிடுவதற்கு மாநில அளவைப் பக்கத்தில் வையுங்கள். மாநிலத் தேர்ச்சி 2022-இல் 90.07, 2023-இல் 91.39, 2024-இல் 91.55, 2025-இல் 93.80 விழுக்காடு. உங்கள் பள்ளி இந்த நான்காண்டில் மூன்று புள்ளி உயர்ந்திருந்தால், மாநிலத்தோடு சேர்ந்து நகர்ந்திருக்கிறது என்றுதான் பொருள். அதைப் பள்ளியின் தனி முயற்சியால் வந்த வளர்ச்சி என்று எழுத இந்த எண்கள் மட்டும் ஆதாரமாகா.

அடுத்தது வகுக்கும் எண். தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரு மாவட்டங்களிலும் இதுதான் மிக முக்கியமானது என்று நான் கருதுகிறேன். தேர்ச்சி விழுக்காடு தேர்வு எழுதியவர்களைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. எழுத வராதவர் அதில் இல்லை. பெயர்ப் பட்டியல் தயாராகும் முன்பே பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டவர் எந்தப் பட்டியலிலும் இல்லை. ஆகவே ஜூன் மாதம் பத்தாம் வகுப்பு வருகைப் பதிவேட்டில் இருந்தவர் எண்ணிக்கையையும் ஒரு நிரலாகச் சேர்க்க வேண்டும். மாற்றுச் சான்றிதழ் பெற்று வேறு பள்ளியில் சேர்ந்துவிட்டது உறுதியானவர்களை மட்டும் அதிலிருந்து கழித்துக்கொள்ளலாம்.

ஓர் எடுத்துக்காட்டைப் போட்டுப் பார்ப்போம். கீழே வரும் எண்கள் எந்தப் பள்ளியுடையவையும் அல்ல. உங்கள் பள்ளி அளவுள்ள ஒன்றை மனத்தில் வைத்து, கணக்கு விளங்குவதற்காக நான் அமைத்தவை. கணிதப் பாடம் மட்டும்:

| ஆண்டு | ஜூன் பதிவேடு | எழுதியோர் | தேர்ச்சி | எழுதியோரில் % | பதிவேட்டில் % |
|---|---|---|---|---|---|
| 2022 | 52 | 47 | 39 | 83.0 | 75.0 |
| 2023 | 50 | 46 | 40 | 87.0 | 80.0 |
| 2024 | 54 | 48 | 43 | 89.6 | 79.6 |
| 2025 | 49 | 41 | 38 | 92.7 | 77.6 |

ஐந்தாவது நிரலை மட்டும் அனுப்பினால் நான்காண்டுத் தொடர் வளர்ச்சி என்று பாராட்டுக் கிடைக்கும். ஆறாவது நிரல் 2023-க்குப் பிறகு வளர்ச்சியே இல்லை என்று சொல்கிறது. தேர்வுக்கு வராதவர்கள் நான்கிலிருந்து ஆறாகவும், ஆறிலிருந்து எட்டாகவும் கூடியிருக்கிறார்கள். வராமல் போகிறவர்கள் பெரும்பாலும் படிப்பில் பின்தங்கியவர்கள் என்பதால், அவர்கள் விலக விலக எழுதியவர்களின் விழுக்காடு தானாகவே ஏறும். இந்தப் பள்ளியின் முதல் சிக்கல் வருகைதான். கணிதம் அதற்குப் பின்னர்தான் வருகிறது. இரண்டு நிரல்களும் எதிரெதிர்த் திசையில் போகிறதா என்பதை ஒவ்வொரு பாடத்துக்கும் பாருங்கள்.

சிறிய பள்ளியில் இன்னொரு எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. 41 பேர் எழுதும் இடத்தில் ஒரு மாணவர் என்பது 2.4 விழுக்காடு. இரண்டு புள்ளி ஏறினாலும் இறங்கினாலும் அது ஒரே ஒருவர். அந்த ஒருவருக்குத் தேர்வன்று காய்ச்சல் வந்திருக்கலாம். எனவே விழுக்காட்டுக்குப் பக்கத்தில் ஆள் எண்ணிக்கையை எழுதாமல் அறிக்கையை அனுப்பாதீர்கள். மூன்று பேருக்கு மேல் வேறுபாடு வந்தால், அல்லது ஒரே திசையில் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து நகர்ந்தால் மட்டும் அதைப் போக்கு என்று சொல்லலாம் என்பது நான் கடைப்பிடிக்கும் அளவு.

இனிப் பாடங்களுக்கு வருவோம். மேலே சொன்ன பள்ளியிலேயே 2025-இல் எழுதிய 41 பேரில் தமிழில் 2 பேர், ஆங்கிலத்தில் ஒருவர், கணிதத்தில் 3 பேர், அறிவியலில் 2 பேர், சமூக அறிவியலில் 5 பேர் தவறினார்கள் என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 13 தவறல்கள். ஆனால் தவறிய மாணவர்கள் 6 பேர்தான். ஒருவர் ஐந்து பாடத்திலும் தவறியிருக்கிறார். இன்னொருவர் கணிதம், அறிவியல், சமூக அறிவியல் மூன்றிலும். மூன்றாமவர் தமிழிலும் சமூக அறிவியலிலும். மீதி மூவர் ஒரே ஒரு பாடத்தில் மட்டும் தவறியவர்கள்: ஒருவர் கணிதம், இருவர் சமூக அறிவியல்.

இந்தப் பிரிப்பு இல்லாமல் எழுதப்படும் எந்தக் காரணமும் ஊகம்தான். பள்ளியின் ஒட்டுமொத்தத் தேர்ச்சி 41-க்கு 35, அதாவது 85.4 விழுக்காடு. ஒரு பாடத்தில் தவறிய மூவரும் கரையேறியிருந்தால் அது 92.7 ஆகியிருக்கும். அந்த மூவரில் இருவரைக் கைவிட்டது சமூக அறிவியல். கணிதத்துக்கு மட்டும் மாலை வகுப்பு வைத்திருந்தால் அது அந்த ஒருவருக்குத்தான் உதவியிருக்கும். ஐந்து பாடத்திலும் தவறியவருக்குப் பாடச் சிறப்பு வகுப்பு விடையே ஆகாது. அவருக்கு வாசிப்பிலேயே தடை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆகவே பாடவாரி அட்டவணைக்குக் கீழே, ஒரு பாடத்தில் மட்டும் தவறியோர், இரண்டு பாடத்தில் தவறியோர், மூன்றும் அதற்கு மேலும் தவறியோர் என மூன்று வரிகளை ஒவ்வோர் ஆண்டுக்கும் சேருங்கள். மேலிடத்தில் கேட்ட படிவத்தில் இதற்கு இடம் இல்லாவிட்டாலும் இணைப்பாக வையுங்கள்.

பாடத்துக்குப் பாடம் நேராக ஒப்பிடும்போது அறிவியலைத் தனியாக நடத்த வேண்டும். மற்ற நான்கும் 100 மதிப்பெண்ணுக்கு எழுத்துத்தேர்வு. 35 எடுத்தால் தேர்ச்சி. அறிவியலில் 25 மதிப்பெண் செய்முறையிலிருந்து வருகிறது. அதில் 15-ம், 75-க்கு நடக்கும் எழுத்துத்தேர்வில் 20-ம் குறைந்தபட்சம் வேண்டும். செய்முறைக்கு வந்த மாணவர் பொதுவாக அந்தப் 15-ஐத் தாண்டிவிடுவார். எனவே அறிவியலில் 45 பெற்ற மாணவர் எழுத்துத்தேர்வில் வெறும் 20-இல் நின்றவராக இருக்கக்கூடும். கணிதத்தில் 45 வேறு, அறிவியலில் 45 வேறு. அறிவியலுக்கு எழுத்து மதிப்பெண்ணை மட்டும் தனி நிரலில் எடுத்து, 20 முதல் 25 வரை நிற்பவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். ஆபத்தின் விளிம்பில் இருப்பவர்கள் அவர்கள்தான். கணிதத்திலும் சமூக அறிவியலிலும் 35 முதல் 40 வரை நிற்பவர்களை அதேபோல எண்ண வேண்டும். கணிதத்தில் தேர்ச்சி பெற்ற 38 பேரில் பத்துப் பன்னிரண்டு பேர் அந்த இடைவெளியில் இருந்தால், 92.7 என்ற எண்ணை நம்பி இருக்க முடியாது. வினாத்தாள் சற்றே கடினமானால் அது எண்பதுக்குக் கீழே போய்விடும்.

தமிழைப் பற்றி ஒரு சொல். அண்மை ஆண்டுகளில் மாநில அளவிலேயே தமிழ்த் தேர்ச்சி ஆங்கிலத்தைவிடக் குறைவாக இருந்ததால், உங்கள் பள்ளியில் அப்படி இருந்தால் அதைப் பள்ளியின் தனிக் குறையாகக் கொள்ள வேண்டியதில்லை. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பள்ளிகளில் தெலுங்கு, கன்னடம் தாய்மொழியாக உள்ள சிறுபான்மை மாணவர்களுக்குச் சில ஆண்டுகளில் நீதிமன்ற உத்தரவால் தமிழ்த் தாளிலிருந்து விலக்கு இருந்தது. அங்கே தமிழ் எழுதியோர் எண்ணிக்கையே ஆண்டுக்காண்டு மாறியிருக்கும் என்பதால் அடிக்குறிப்பு இன்றி அந்த விழுக்காட்டை ஒப்பிட இயலாது.

காரணப் பகுதியில் "பெற்றோர் ஒத்துழைப்பின்மை", "மாணவர் ஆர்வமின்மை" என்று எழுதாதீர்கள். அவற்றை யாராலும் சரிபார்க்கவும் முடியாது, அதைக் கொண்டு திட்டம் போடவும் முடியாது. பள்ளியிலேயே இருக்கும் பதிவேடுகளிலிருந்து எடுக்கக்கூடிய காரணங்களை மட்டும் எழுதுங்கள்.

வராமல் போன எட்டுப் பேரின் வருகையை மாதவாரியாக எடுத்துப் பாருங்கள். பொங்கல் விடுமுறைக்குப் பிறகு ஒருவர் வரவே இல்லை என்றால் அது ஒரு கதை. காலாண்டுக்கு முன்பே வாரம் இரண்டு நாள் வந்துகொண்டிருந்தார் என்றால் அது வேறு கதை. நம் பகுதியில் தை, மாசியில் புளி உலுக்கும் வேலை தொடங்குகிறது. பெற்றோர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகும்போது பிள்ளையையும் அழைத்துச் செல்கிறார்கள். ஓசூர்ப் பக்கம் வேலைக்குச் சேரும் பையன்கள் இருக்கிறார்கள். பெண் பிள்ளைகளுக்குத் திருமணப் பேச்சு எடுக்கும் வழக்கம் இரு மாவட்டங்களிலும் இன்னும் நிற்கவில்லை. இவை திருப்புதல் தேர்வுகள் நடக்கும் அதே மாதங்களில் வந்து விழுகின்றன. எட்டுப் பேருக்கும் பெயரை எழுதாமல், கடைசியாக வந்த மாதத்தையும் அறிந்த காரணத்தையும் மட்டும் ஒரு வரியாக எழுதினாலே காரணப் பகுதியின் மிக வலுவான பத்தி கிடைத்துவிடும்.

இரண்டாவது காரணம், ஓர் ஆண்டில் சேர்ந்து தேர்வு எழுதும் மாணவர் அணி கொரோனா காலத்தில் எந்த வகுப்பில் பள்ளியை இழந்தது என்பது. 1 முதல் 8 வரையிலான வகுப்புகள் 2020 மார்ச்சில் மூடப்பட்டு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. 2024-இல் தேர்வு எழுதியவர்கள் இழந்தது ஏழாம் வகுப்பும் எட்டாம் வகுப்பின் முற்பகுதியும். 2025-இல் எழுதியவர்கள் இழந்தது ஆறாம் வகுப்பும் ஏழாம் வகுப்பின் முற்பகுதியும். அதற்கு அடுத்த 2026 அணி ஐந்தாம் வகுப்பையும் ஆறின் முற்பகுதியையும் இழந்தது. 2027 அணி நான்கையும் ஐந்தின் முற்பகுதியையும். ஆண்டுக்காண்டு ஓட்டை கீழே இறங்கிக்கொண்டே போகிறது. அதனால் சென்ற ஆண்டு பலன் தந்த சிறப்பு வகுப்பு அடுத்த ஆண்டும் அப்படியே பலன் தரும் என்று சொல்வதற்கில்லை.

இது எப்படித் தாளில் தெரியும் என்பதைக் கணிதத்தில் காட்டுகிறேன். கணிதத் தாளில் ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. எட்டு மதிப்பெண் பகுதியில் வடிவியல் வரைதல் ஒன்று, வரைபடம் ஒன்று, ஆக 16. இரண்டும் சேர்ந்தால் 30. மெல்லக் கற்போருக்கு இந்த முப்பதைத்தான் நாம் நம்பச் சொல்கிறோம். அரையாண்டுத் தேர்வு விடைத்தாள்களில் 45-க்குக் கீழே எடுத்தவர்களின் தாள்களை மட்டும் எடுத்து, இந்த இரு பகுதிகளிலும் ஒவ்வொரு வினாவுக்கும் "எழுதவில்லை", "எழுதித் தவறினார்" என்று பிரித்துக் குறியுங்கள். எழுதவே இல்லை என்றால் பயிற்சி போதவில்லை, அல்லது நேரம் போதவில்லை. எழுதித் தவறியிருந்தால் எந்த வரியில் தவறு என்று பாருங்கள். y = x² − x − 12 என்ற வரைபடத்துக்கு அட்டவணை போடும் மாணவர், x = −3 வரும் இடத்தில் 9 + 3 − 12 = 0 என்று பெற வேண்டும். (−3)² என்பதை −9 என்று எழுதினால் −18 வந்துவிடும். புள்ளி இடம் மாறி வளைவரை சிதையும். படிகளை மனப்பாடமாக அறிந்திருந்தும் மதிப்பெண்ணில் பெரும்பகுதி போய்விடும். அவருக்குப் பத்தாம் வகுப்புப் பாடம் தெரியாமல் இல்லை. குறை எண்களை அவர் வகுப்பறையில் உட்கார்ந்து கற்கவேயில்லை. இப்படிப்பட்டவர்களுக்கு வரைபடத்தை இருபது முறை போட வைப்பதைவிட, ஜூலையிலேயே இரண்டு வாரம் முழுக்களும் பின்னங்களும் கற்பிப்பது மேல். வடிவொத்த முக்கோணம் வரையும்போது 2/3 என்ற விகிதத்துக்குப் பெரிய முக்கோணம் வரைபவர்களும் இதே கூட்டத்தைச் சேர்ந்தவர்கள்தான்.

சமூக அறிவியலுக்குக் காரணம் பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கும். வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் என நான்கு பகுதிகளை ஒரே பட்டதாரி ஆசிரியர் முடிக்க வேண்டும். பணியிடம் காலியாக இருந்த மாதங்களோ, ஆசிரியர் வேறு பள்ளிக்கு மாற்றுப்பணியில் போன வாரங்களோ இருந்தால் கடைசிப் பாடங்கள் தேர்வுக்குச் சற்று முன்புதான் முடிந்திருக்கும். பாடக்குறிப்பேட்டில் கடைசிப் பாடம் முடிந்த தேதியை ஒவ்வோர் ஆண்டுக்கும் எடுத்து விழுக்காட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள். தேதி தள்ளிப்போன ஆண்டும் தேர்ச்சி குறைந்த ஆண்டும் ஒன்றாக இருந்தால் காரணத்தை நீங்கள் சொல்ல வேண்டியதில்லை, பட்டியலே சொல்லிவிடும். ஒன்றாக இல்லையென்றால் ஆசிரியர் பற்றாக்குறையைக் காரணமாக எழுதாதீர்கள். அது உண்மையான குறையாக இருந்தாலும் அந்தச் சரிவுக்கு அது காரணம் இல்லை.

திட்டப் பகுதியைச் சுருக்கமாக வையுங்கள். ஒவ்வொரு திட்டமும் மேலே காட்டிய ஒரு காரணத்தோடு கட்டப்பட்டிருக்க வேண்டும். யார் பொறுப்பு, எந்த மாதம், எந்த எண் மாற வேண்டும் என்ற மூன்றும் இருக்க வேண்டும். எடுத்துக்காட்டுப் பள்ளிக்கு நான் எழுதினால் மூன்று திட்டங்களோடு நிறுத்துவேன்.

வருகைக்கு: ஆகஸ்டு முதல் ஒவ்வொரு மாத இறுதியிலும், அந்த மாதத்தில் ஐந்து நாளுக்கு மேல் வராதவர் பட்டியலை வகுப்பாசிரியர் எடுப்பார்; அடுத்த வாரத்துக்குள் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர் ஒருவரோடு வீட்டுக்குச் செல்வார். குடும்பம் வெளியூர் போகிறதென்றால், பிள்ளையை உறவினர் வீட்டிலோ விடுதியிலோ விடும் ஏற்பாட்டைப் பொங்கலுக்கு முன்பே பேசி முடிக்க வேண்டும். மாசியில் போய்ப் பேசினால் வீடு பூட்டியிருக்கும். திருமணப் பேச்சு என்று தெரிந்தால் தாமதிக்காமல் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குத் தெரிவிப்பது தலைமை ஆசிரியரின் கடமை. இலக்கு: வராதவர் எட்டிலிருந்து மூன்றுக்குள்.

சமூக அறிவியலுக்கு: காலிப் பணியிடம் இருந்தால் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியரை ஜூலைக்குள் கேட்பது, டிசம்பருக்குள் பாடம் முடிப்பது, வரைபட வினாவையும் காலக்கோட்டையும் வாரம் ஒரு பாடவேளை தனியாகப் பழக்குவது. இலக்கு: இந்த ஒரு பாடத்தில் மட்டும் தவறுவோர் எவரும் இருக்கக் கூடாது.

கணிதத்துக்கு: ஜூலையில் முழுக்கள், பின்னங்கள் பற்றி ஒரு சிறு முன்னறித் தேர்வு, அதில் தவறியவர்களுக்கு மட்டும் மாலை வகுப்பு, ஆகஸ்டு முதல் வடிவியலும் வரைபடமும் வாரம் ஒன்று. எல்லாரையும் மாலை வகுப்பில் உட்கார வைத்தால் உதவி தேவைப்படும் பத்துப் பேர் பின் வரிசைக்குப் போய்விடுவார்கள். இங்கே இலக்கைத் தேர்ச்சியில் வைக்காமல் 35 முதல் 40 வரை நிற்பவர் எண்ணிக்கையில் வையுங்கள். அது பாதியாகக் குறைந்தால் தேர்ச்சி தன்னால் நிலைக்கும்.

"அடுத்த ஆண்டு 100 விழுக்காடு" என்ற வரியை எழுத வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அந்த வரி தருகிற அழுத்தத்தில்தான் பின்தங்கிய மாணவரை எழுதவிடாமல் தவிர்க்கும் எண்ணம் சில இடங்களில் தலைதூக்குகிறது. பதிவேட்டு விழுக்காட்டை இலக்காக எழுதிவிட்டால் அந்த வழி அடைபட்டுப் போகும்.

துணைத் தேர்வில் தேறியவர்களை மார்ச் கணக்கோடு சேர்க்காமல் தனி நிரலில் காட்டுங்கள். தவறிய ஆறு பேரும் வராத எட்டுப் பேரும் துணைத் தேர்வுக்கு விண்ணப்பித்தார்களா, எழுதினார்களா என்பதை அந்த நிரலிலேயே சேர்த்துவிட்டால், சென்ற ஆண்டு மாணவர்களில் இன்னும் யாரைத் தேடிப் போக வேண்டும் என்பதும் அதே தாளில் வந்துவிடும். மறு ஆய்வுக்குக் காலாண்டு முடிந்த வாரத்தையும் அரையாண்டு முடிந்த வாரத்தையும் தேதியோடு குறித்து, அந்த இரு நாட்களிலும் இதே அட்டவணையை மீண்டும் நிரப்ப ஒரு வெற்றுப் படிவத்தை அறிக்கையோடு இணைத்து அனுப்புங்கள்.